சூப்பர் மார்க்கெட்டில் இன்டர்னாகச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள்: பில்லிங், ரேக், கஸ்டமர்

பில்லிங் கவுண்டர்ல உட்கார வைப்பாங்கன்னு நினைச்சுத்தான் சேர்ந்தேன். வந்ததுல இருந்து ரேக் அடுக்கத்தான் விடுறாங்க, இதுல என்ன கத்துக்க இருக்கு?

கவுண்டரில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை ரேக்கில் பிறந்தவைதான். பழைய விலை பாக்கெட்டும் புது விலை பாக்கெட்டும் கலந்து கிடப்பது, விலைச்சீட்டு மாற்றாமல் விட்டது, தேதி முடிந்த பன் பாக்கெட் பின்வரிசையில் ஒளிந்திருப்பது, இதெல்லாம் கடைசியில் பில் போடுகிறவர் முகத்துக்கு நேராகத்தான் வெடிக்கும். ரேக்கைத் தெரியாமல் கவுண்டரில் உட்கார்ந்தால், கஸ்டமர் "உள்ளே 58 ரூபாய்னு போட்டிருக்கே" என்று கேட்கும்போது திருதிருவென்று விழிக்கத்தான் முடியும். எந்தப் பொருள் எந்த வரிசையில் இருக்கிறது, எதற்கு அடிக்கடி விலை மாறுகிறது, எந்த பிராண்டில் ஒரே மாதிரி பாக்கெட்டில் மூன்று எடை இருக்கிறது என்பதெல்லாம் கையால் எடுத்து வைத்தால்தான் மனதில் தங்கும். அதனால்தான் அங்கே விடுகிறார்கள். (ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.)

புது சரக்கை ரேக்ல முன்னாடி வைக்கணுமா, பின்னாடி வைக்கணுமா?

பின்னால். ஆனால் இதைச் சொல்வது சுலபம், செய்வதில்தான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். முன்னால் நான்கு பாக்கெட் இருக்கும், அதற்கு முன்னாலேயே புதிதாக ஆறு பாக்கெட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், பார்க்க ரேக் நிறைந்த மாதிரி அழகாக இருக்கும். ஒரு மாதம் கழித்து அந்த நான்கும் தேதி முடிந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும்.

சரியான முறை இதுதான். ரேக்கில் இருப்பதை முழுவதும் டிராலியில் எடுத்து வையுங்கள். தட்டைத் துடையுங்கள். பெட்டியில் வந்ததன் தேதியையும் கையில் இருப்பதன் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் இன்று வந்ததெல்லாம் புதிது என்று நம்ப முடியாது. சப்ளையர் குடோனில் கிடந்த பழைய சரக்கு இன்றைக்கு வந்து இறங்கும், ரேக்கில் இருப்பதைவிட அதற்குத் தேதி முன்னதாக முடியும். அதனால் எது முதலில் வந்தது என்று பார்க்காமல், எது முதலில் முடிகிறது என்று பார்த்து அதை முன்னால் வையுங்கள். பால், தயிர், பிரெட் மூன்றுக்கும் இதைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். சோப்பு, டிடர்ஜென்ட்டுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

தேதி முடிய இத்தனை நாள் இருக்கும்போது ரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்ததைக் குடோனில் தனி இடத்தில் வைத்து எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நல்ல எண்ணத்தோடு வேறு யாராவது அதைத் திரும்ப ரேக்கில் அடுக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, அட்டைப்பெட்டியைப் பிளேடால் திறக்கும்போது நடுவில் ஆழமாக இழுக்காதீர்கள். டேப்பின் மேல் மட்டும் மெல்லக் கீறினால் போதும். கோதுமை மாவு, ரவை பாக்கெட்டுகள் பெட்டியின் வாய்க்கு நேராகப் படுத்திருக்கும், பிளேடு கொஞ்சம் இறங்கினாலும் மேல்வரிசை முழுக்க மெல்லிய கீறல் விழும். அப்போது தெரியாது. கஸ்டமர் தூக்கும்போது மாவு கொட்டும்போதுதான் தெரியும்.

ஒரு பொருளை ஸ்கேன் பண்ணினா திரையில ரெண்டு எம்.ஆர்.பி. வருது. எதை செலக்ட் பண்ணணும்?

கையில் இருக்கும் பாக்கெட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதை. முதலில் இருப்பதையும் இல்லை, பெரிய தொகையையும் இல்லை, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து அதில் இருப்பதை.

ஏன் இப்படி வருகிறது என்றால், கம்பெனி விலையை ஏற்றும்போது பெரும்பாலும் பார்கோடை மாற்றுவதில்லை. 58 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த தேங்காய் எண்ணெய் பாக்கெட் அடுத்த லோடில் 62 ரூபாய் அச்சாகி வரும், பார்கோடு அதேதான். சாப்ட்வேருக்கு இரண்டும் ஒரே பொருள், அதனால் எந்த விலை என்று உங்களைக் கேட்கிறது. கூட்ட நேரத்தில் பழக்கதோஷத்தில் என்டர் தட்டிவிட்டால், மேலே இருப்பது தானாக விழும்.

ஒரு கஸ்டமர் நான்கு பாக்கெட் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் 58, ஒன்றில் 62. நீங்கள் மேலே கிடைத்த ஒன்றை ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் 4 என்று அடித்தீர்கள், அது 62 பாக்கெட்டாக இருந்துவிட்டது. பில் 248 ரூபாய். உண்மையில் வர வேண்டியது 174 + 62, அதாவது 236. பன்னிரண்டு ரூபாய்தானே என்று தோன்றும், ஆனால் 58 அச்சான பாக்கெட்டை 62-க்கு விற்பது எம்.ஆர்.பி.-க்கு மேல் விற்றதாக ஆகிவிடும். எடையளவுச் சட்டப்படி அது குற்றம், தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் அபராதம் கடைக்கு. மாறாக, 58 பாக்கெட்டை ஸ்கேன் செய்து 4 போட்டிருந்தால் 232, கடைக்கு 4 ரூபாய் நஷ்டம், ஸ்டாக் கணக்கிலும் பழைய விலை சரக்கு ஒன்று குறைந்து, புது விலையில் ஒன்று கூடி நிற்கும்.

அதனால், விலை மாறிய பொருள் என்று தெரிந்தால் எண்ணிக்கை அடிக்காதீர்கள், ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யுங்கள். ரேக்கிலும் பழைய விலை தீரும்வரை புது விலையை வெளியே எடுக்காமல் குடோனிலேயே வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ரேக் வேலையும் பில்லிங்கும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

விலை குறைஞ்சா? ஜி.எஸ்.டி. குறைச்சப்ப ரேக்ல இருந்த பழைய சோப்புல கூடுதல் விலைதானே இருந்துச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் போன்றவற்றுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக வரி குறைந்தபோது எல்லாக் கடையிலும் இந்தக் கூத்து நடந்தது. பாக்கெட்டில் பழைய பெரிய விலை, சிஸ்டத்தில் புது சின்ன விலை. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலைதான், அதற்குக் கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். அதனால் இங்கே சிஸ்டத்தில் வரும் குறைந்த விலைக்கே பில் போட வேண்டும், பாக்கெட்டைப் பார்த்துக் கூட்டக் கூடாது.

பொதுவாக, விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னால் உங்கள் கையால் செய்யாதீர்கள், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரேக்ல ஒரு விலை, பில்லுல ஒரு விலைன்னு கஸ்டமர் சத்தம் போடுறார். சிஸ்டம்ல இப்படித்தான் வருதுன்னு சொல்லலாமா?

அதை மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியில்தான் குரல் ஏறும். சிஸ்டம் உங்களுடையது, ரேக்கும் உங்களுடையது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு அவர் எதற்குப் பொறுப்பேற்க வேண்டும்?

பில்லை ஹோல்டில் போட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் சார், பார்த்துடலாம்" என்று சொல்லி, ஃப்ளோரில் இருப்பவரை அந்த ரேக்குக்கு அனுப்புங்கள். அதற்குள் அடுத்தவருக்கு பில் போட ஆரம்பிக்கலாம், ஹோல்ட் வசதி அதற்குத்தான். போனவர் வெறுமனே விலைச்சீட்டைப் பார்த்து வந்தால் போதாது, சீட்டில் எழுதியிருக்கும் எடையையும் பார்க்க வேண்டும். பத்தில் பல தடவை நடப்பது என்னவென்றால், 500 கிராம் பாக்கெட்டின் சீட்டுக்கு மேலே 1 கிலோ பாக்கெட் வழிந்து வந்து உட்கார்ந்திருக்கும். சீட்டு சரி, சிஸ்டம் சரி, அடுக்கியதுதான் தப்பு. இன்னொரு சாத்தியம், ஆஃபர் முடிந்தும் சீட்டைக் கிழிக்காமல் விட்டது. பல கடைகளில் இப்படி வந்தால் சீட்டில் இருந்த குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டுப் பிறகு சீட்டை மாற்றச் சொல்வார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் விலையை மாற்றும் பாஸ்வேர்டு சூப்பர்வைசரிடம் இருக்கும், நீங்களாகத் தள்ளுபடி போட்டு சரிக்கட்டாதீர்கள். பிறகு ரிப்போர்ட்டில் உங்கள் பெயரில் தள்ளுபடி என்று நிற்கும்.

பார்கோடு ஸ்கேன் ஆகலை. வேற பாக்கெட்டை எடுத்து ஸ்கேன் பண்ணலாமா?

அதே பொருள், அதே எடை, அதே எம்.ஆர்.பி., அதே மணம் என்றால் செய்யலாம். "கிட்டத்தட்ட இதேதான்" என்றால் கூடாது. எலுமிச்சை வாசனை சோப்புக்கு ரோஜா வாசனை சோப்பை ஸ்கேன் செய்தால் பணம் சரியாக வரும், ஸ்டாக்கில் இரண்டும் தப்பாகும், ஒன்று இருந்தும் இல்லை என்று காட்டும், மற்றது இல்லாமலே இருக்கிறது என்று காட்டி ஆர்டர் போகாமல் நின்றுவிடும். கசங்கிய பிளாஸ்டிக் என்றால் கையால் நீவி விட்டு ஒரு தடவை முயலுங்கள், குளிர்பான பாட்டிலில் பனித்துளி படிந்திருந்தால் துடையுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கோடுகளுக்குக் கீழே இருக்கும் 13 எண்களைத் தட்டச்சு செய்யுங்கள். இந்தியாவில் பதிவான பொருட்களில் பெரும்பாலும் அது 890 என்று தொடங்கும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் வேறு பொருளாக விழுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், கடைசி எண் மற்ற 12 எண்களை வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண், ஓர் எண் மாறினாலே கணக்கு ஒத்துப்போகாது.

காய்கறிக்கும் பருப்புக்கும் ஒட்டுற ஸ்டிக்கர் 2-ல ஆரம்பிக்குதே, அது என்ன?

அது கடைக்குள்ளேயே தயாராகும் பார்கோடு. எடை போடும் மெஷின் அச்சடிக்கிறது. உதாரணத்துக்கு 2100045012506 என்று ஒரு ஸ்டிக்கர். முதலில் வரும் 21 கடைக்குள் உபயோகத்துக்கு என்பதன் அடையாளம். அடுத்த ஐந்து எண்கள் 00045, பொருளின் எண், துவரம் பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 01250 என்பது எடை, 1.250 கிலோ. கடைசி 6 சரிபார்ப்பு எண். சில கடைகளில் எடைக்குப் பதில் விலையை அந்த இடத்தில் வைப்பார்கள், உங்கள் கடையில் எது என்று ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தெரிந்து வைத்திருப்பதால் ஒரு பலன் உண்டு. கவுண்டருக்கு வரும் கவரைக் கையில் தூக்கும்போதே, ஸ்டிக்கரில் கால் கிலோ, கை ஒரு கிலோ என்று சொன்னால் நிறுத்திப் பாருங்கள். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு கவரில் இன்னும் இரண்டு கைப்பிடி போட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், எடை மெஷினில் சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயத்தின் பட்டனை அமுக்கிய நம் ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "எடை சரியா வரல போலம்மா, ஒரு தடவை மறுபடி போட்டுடறேன்." யாரையும் குற்றம் சொல்லாமல் விஷயம் முடிந்துவிடும்.

சில்லறை கொடுக்கும்போது குழம்பிடுது. கஸ்டமர் நடுவுல இன்னும் கொஞ்சம் காசு எடுத்து நீட்டுறார்.

பில் 347. அவர் 500 தருகிறார். நீங்கள் 500 என்று அடித்துவிட்டீர்கள், திரை 153 என்கிறது. அந்த நேரம் பார்த்து, "இருங்க, 47 ரூபா சில்லறையா இருக்கு" என்று தருகிறார். இப்போது மொத்தம் 547, அதில் 347 போக 200 திருப்ப வேண்டும். இதை மனக்கணக்கில் செய்ய வரவில்லையென்றால் வெட்கப்படாமல் 547 என்று மறுபடி அடித்துப் பாருங்கள், சில மெஷினில் அது முடியாது, அப்போது கால்குலேட்டர். கூட்டத்தில் இரண்டு மூன்று தடவை நோட்டை மாற்றி மாற்றித் தந்து குழப்புகிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களாகவும் இருக்கலாம். அப்படித் தோன்றினால், கொடுத்ததையெல்லாம் அவரிடமே திருப்பித் தந்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கிய நோட்டை உடனே டிராயருக்குள் போடாதீர்கள். டிராயரின் மேல் விளிம்பில் வைத்து, "ஐந்நூறு கொடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, மீதியை எண்ணிக் கொடுத்த பிறகு உள்ளே வையுங்கள். "நான் ஐந்நூறு கொடுத்தேன், நீங்க இருநூறுன்னு நினைச்சுட்டீங்க" என்ற பேச்சு அங்கேயே செத்துவிடும்.

சில்லறைக்குப் பதில் சாக்லேட் நீட்டாதீர்கள். கஸ்டமர் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த முடியாது, அது விற்பனையும் இல்லை என்பதால் ஸ்டாக்கில் வேறு உதைக்கும். அப்புறம், பத்து ரூபாய் நாணயம் செல்லும். நம் ஊரில் பல கடைகளில் வாங்க மறுப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் மறுக்காதீர்கள். எல்லா வடிவத்து நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது.

யு.பி.ஐ.-ல காசு போயிடுச்சுன்னு போனைக் காட்டுறார். நம்ம பாக்ஸ் பேசவே இல்லை. விட்டுடலாமா?

போன் திரையை ஆதாரமாக எடுக்காதீர்கள். பச்சை டிக் காட்டும் போலி ஆப்புகள் இருக்கின்றன, நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. அதற்காக எல்லாரையும் திருடன் மாதிரி பார்க்கவும் வேண்டாம், சவுண்ட் பாக்ஸில் சார்ஜ் இல்லாமலோ சிக்னல் இல்லாமலோ இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கடையின் ஆப்பிலோ ஸ்வைப் மெஷினிலோ கடைசிப் பரிவர்த்தனைகளின் பட்டியல் இருக்கும், அதில் தொகையும் நேரமும் பாருங்கள். அவர் போனில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு எண்களையும் ஒப்பிடுங்கள்.

பட்டியலில் இல்லை, ஆனால் அவர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்றால், அது நடுவில் எங்கோ நிற்கிறது. கடைக்கு வந்து சேராவிட்டால் 5 நாட்களுக்குள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதி போட்டிருக்கிறது. இதைப் பொறுமையாகச் சொல்லி, வேறு வழியில் கட்டச் சொல்லலாம். ஆனால் இரண்டாவது தடவை கட்டிய பிறகு முதல் பணமும் வந்து சேர்ந்துவிட்டால்? அதற்காகத்தான் நோட்டில் பில் நம்பர், தொகை, அந்த எண் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது இரட்டிப்பு தெரிந்தால் கூப்பிட்டுத் திருப்பித் தரலாம்.

போன் நம்பர் தர மாட்டேன்னு சொல்றார். நம்பர் இல்லாம பில் போட முடியாதுன்னு சொல்லித்தான் ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுத்தாங்க.

தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. பெரும்பாலான சாப்ட்வேரில் அந்தக் கட்டத்தைக் காலியாகவோ பொதுவான கஸ்டமர் கணக்கிலோ விட்டுக் கடக்க வழி இருக்கும், எது என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். "பாயின்ட் சேரணும்னா நம்பர் சொல்லுங்க, வேண்டாம்னா பரவாயில்லை" என்று கேட்டால் பாதிப் பேர் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். உங்கள் சொந்த நம்பரையோ நண்பன் நம்பரையோ அடித்துப் பாயின்ட் சேர்க்காதீர்கள், ஒரே நம்பரில் ஒரே நாளில் நாற்பது பில் இருந்தால் யாருக்கும் தெரியாமல் போகாது.

எம்.ஆர்.பி.-யிலேயே எல்லா வரியும் இருக்குன்னா, பில்லுல எதுக்கு ஜி.எஸ்.டி. தனியா காட்டுறீங்கன்னு கேக்குறாங்க.

கூட்டியது இல்லை, பிரித்துக் காட்டியது. 5 சதவீத வரி உள்ள ஒரு பொருள் 105 ரூபாய் என்றால் பொருளின் மதிப்பு 100, மத்திய வரி 2.50, மாநில வரி 2.50. மொத்தம் அதே 105. பில்லின் அடியில் இருக்கும் வரிக் கட்டத்தை விரலால் காட்டி, மேலே பொருளின் விலையைக் காட்டி, "மேல 105, கட்டுறதும் 105" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வாங்கினதைத் திருப்பிக் கொண்டு வந்தா? பில்லுலேயே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு அச்சடிச்சிருக்கே.

அச்சடித்திருப்பதால் எல்லாம் முடிந்துவிடாது. பொருளில் குறை இருந்தால், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வண்டு விழுந்த ரவை, உடைந்த மூடி, தேதி முடிந்த ஜூஸ் எல்லாம் இதில் வரும். கலர் பிடிக்கவில்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பதெல்லாம் கடையின் விருப்பம்.

தேதி முடிந்த பொருள் ஒன்று திரும்பி வந்தால், அதை மாற்றிக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. உடனே ரேக்குக்குப் போய் அதே தேதி உள்ள மற்றதையும் எடுங்கள், ஒன்று மட்டும் தனியாகக் கிடந்ததாக நான் பார்த்ததே குறைவு. பில்லிங்கில் இருக்கும்போது அதை விட்டுப் போக முடியாது என்றால் ஃப்ளோரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஷிஃப்ட் முடிஞ்சு எண்ணினா 686 ரூபாய் குறையுது. எங்க தேடுறது?

நோட்டை மறுபடி மறுபடி எண்ணுவதை நிறுத்துங்கள், இரண்டு தடவைக்கு மேல் எண்ணினால் எண்ணிக்கை மாறாது, பதற்றம்தான் கூடும். கணக்கை விரித்துப் பார்ப்போம்.

காலையில் டிராயரில் வைத்தது 2,000. ரிப்போர்ட்டில் ரொக்க விற்பனை 38,460. ஆக இருக்க வேண்டியது 40,460. கையில் இருப்பது 39,774. குறைவு 686. இது ரவுண்டான தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். 100, 200, 500 என்று குறைந்தால் நோட்டு மாறிப் போயிருக்கலாம், இரண்டு நோட்டு ஒட்டிப் போயிருக்கலாம். 686 மாதிரி ஒரு தொகை குறைந்தால் அது ஒரு பில்லின் தொகையாகத்தான் இருக்கும்.

அடுத்து ஸ்வைப் மெஷினின் அன்றைய மொத்தத்தை எடுங்கள். அது 21,310 என்கிறது, ஆனால் பில்லிங் ரிப்போர்ட்டில் கார்டு விற்பனை 20,624 என்றிருக்கிறது. வித்தியாசம் 686. அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. கஸ்டமர் கார்டில் கட்டியிருக்கிறார், நீங்கள் அவசரத்தில் ரொக்கம் என்று பில்லை முடித்துவிட்டீர்கள். பணம் எங்கும் போகவில்லை, வேறு பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. பில் பட்டியலில் 686 ரூபாய் ரொக்க பில்லைத் தேடி, மெஷினில் அதே நேரத்தில் அதே தொகை வந்திருக்கிறதா என்று பார்த்து, சூப்பர்வைசரிடம் காட்டினால் கட்டண முறையை மாற்றிவிடுவார். யு.பி.ஐ.-யிலும் இதே தப்பு இதே மாதிரி நடக்கும்.

கார்டு, யு.பி.ஐ. இரண்டும் சரியாக ஒத்துப்போய், ரொக்கம் மட்டும் குறைந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். நடுவில் டிராயரிலிருந்து கேஷ் ஆபீஸுக்குக் கொடுத்த பணத்துக்குச் சீட்டு இருக்கிறதா? கஸ்டமருக்கு ரிட்டர்ன் பணம் கொடுத்துவிட்டு சிஸ்டத்தில் ரிட்டர்ன் போடாமல் விட்டதா? தொகையை எழுதும்போது இடம் மாறிவிட்டதா? வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இந்தக் கடைசிச் சந்தேகம் வலுக்கும், 540 என்பதை 450 என்று எழுதினால் 90 வித்தியாசம் வருகிற மாதிரி.

கூடுதலாக வந்தாலும் சொல்லிவிடுங்கள். நாளைக்குக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று தனியாக எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் மீதி வாங்காமல் போன ஒரு கஸ்டமர், அவர் நாளைக்கு பில்லோடு வந்து நிற்பார்.

குறைஞ்ச பணத்தை என் ஸ்டைபெண்டுல பிடிப்பாங்களா?

சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சம்பளம் வாங்கும் ஊழியரிடமே, அவருடைய கவனக்குறைவால் போன பணம் என்றால் மட்டும்தான், அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்க முடியும். உங்கள் லாகினில் வேறு ஒருவர் பில் போட்ட நாளில் குறைந்தால் அது யார் குறை என்று எப்படி நிரூபிப்பது? அதனால் சாப்பிடப் போகும்போதுகூட லாக் அவுட் செய்யுங்கள், டிராயரைப் பூட்டுங்கள், மாற்றி உட்காருபவரோடு சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

பத்து மணி நேரம் நிக்கவே வைக்கிறாங்க. உட்காரலாமா?

உட்காரலாம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்துவிட்டது, வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காருவதற்காகத்தான் அது. கவுண்டரில் ஸ்டூல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ரேக் வேலையில் கீழ்த்தட்டை நிரப்பும்போது குனிந்தே நிற்காமல் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், பத்து கிலோ அரிசி மூட்டையெல்லாம் கீழ்த்தட்டில்தான் வைக்கச் சொல்வார்கள், அங்கேதான் முதுகு பிடிக்கிறது.